உப்புக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவு: ஒரு சொல்லின் வரலாறு

பொது அறிவுப் போட்டிகளிலே அடிக்கடி தலைகாட்டும் வினாவொன்று உண்டு. "ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் 'சலரி' என்ற சொல் எதிலிருந்து பிறந்தது?" என்பதே அது. "உப்பிலிருந்து, பண்டைய உரோமப் படைவீரருக்கு உப்பே சம்பளமாக வழங்கப்பட்டது" என்பது எதிர்பார்க்கப்படும் விடை. எமது பத்திரிகையின் மாணவர் பகுதியிலும் இவ்விடை ஒருமுறைக்கு இருமுறை அச்சேறியிருக்கிறது. அதனை வாசித்த ஓய்வுபெற்ற இலத்தீன் ஆசிரியர் ஒருவர், "முதற்பாதி சரி, மறுபாதிக்கு ஆதாரம் எங்கே?" என ஒற்றை வரியில் எமக்கு எழுதிக் கேட்டிருந்தார். அந்த ஒற்றை வரிக்கு நியாயமான பதில் சொல்ல முற்பட்டதன் விளைவே இக்கட்டுரையாகும்.

ஆசிரியர் ஒப்புக்கொண்ட அந்த முதற்பாதியை விரைவாகவே சொல்லி முடித்துவிடலாம். இலத்தீன் மொழியில் உப்புக்குப் பெயர் 'சால்'. அதிலிருந்து 'உப்பைச் சார்ந்த' என்று பொருள்படும் பெயரடை தோன்றி, அப்பெயரடையிலிருந்து 'சலாரியம்' என்ற பெயர்ச்சொல் உருவாயிற்று. அச்சொல் இங்கிலாந்தை ஆண்ட நோர்மன் பிரபுக்களின் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் புகுந்து, 14ஆம் நூற்றாண்டு முதல் அம்மொழி நூல்களில் காணப்படுகிறது. இதிலே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 'சலாட்', 'சோஸ்', 'சொசேஜ்' என நாம் இன்று உணவுமேசையில் கேட்கும் சொற்களும் அதே உப்பின் வழிவந்த உறவுகளே.

சிக்கல் எழுவது மறுபாதியில்தான். ஒரு சொல் உப்பிலிருந்து பிறந்தது என்பதும், உப்பே கூலியாகக் கொடுக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. முன்னையது மொழி பற்றிய செய்தி. பின்னையது பொருளாதாரம் பற்றிய செய்தி. பின்னையதை நிறுவ வேண்டுமாயின் உரோமர் விட்டுச்சென்ற நூல்களிலோ, கல்வெட்டுகளிலோ, கணக்கேடுகளிலோ அதற்குச் சான்று இருக்கவேண்டும்.

சான்று என்று காட்டப்படுவதெல்லாம் ஈற்றில் ஒரேயொரு வாக்கியத்தில் போய் முடிகின்றது. கி.பி. 79ஆம் ஆண்டு வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த மூத்த பிளினி என்பார், 'இயற்கை வரலாறு' எனும் தமது பெருநூலின் 31ஆம் பாகத்தில் உப்பைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். உப்பில்லாமல் நாகரிக வாழ்வு இயலாது என்று தொடங்கும் அவர், பதவி மரியாதைகளிலும் படைச்சேவையிலுங்கூட உப்புக்கு இடமுண்டு என்றும், 'சலாரியம்' என்னும் பெயர் அதிலிருந்தே வந்தது என்றும் கூறுகின்றார். முன்னோரிடத்தே உப்புக்கு இருந்த மதிப்புக்கு 'வியா சலாரியா' என்ற நெடுஞ்சாலையின் பெயரையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். உரோம் நகரிலிருந்து வடகிழக்காகச் செபைன் மக்களின் நாட்டை நோக்கி உப்பு எடுத்துச் செல்லப்பட்ட பாதை அது. அங்கஸ் மார்சியஸ் என்ற பழைய அரசன் மக்களுக்கு 6,000 மோடியஸ் உப்பை நன்கொடையாக அளித்ததாகவும், உப்பளங்களை முதன்முதல் அமைத்தவன் அவனே எனவும் பிளினி மேலும் எழுதுகிறார்.

இவ்வளவுதான். படைவீரருக்கு உப்பு சம்பளமாக அளந்து கொடுக்கப்பட்டது என்று பிளினி சொல்லவில்லை. உப்பு வாங்குவதற்கெனப் பணம் கொடுக்கப்பட்டது என்றுங்கூட அவர் சொல்லவில்லை. இரண்டு சொற்களுக்கிடையே தொடர்புண்டு என்று மட்டுமே சொல்கிறார். பிளினி நூலகத்துள் அடைந்துகிடந்த வெறும் ஏட்டறிஞர் அல்லர் என்பதை இங்கு கவனிக்கவேண்டும். இளமையிலே ஜேர்மானிய எல்லையில் குதிரைப்படை அதிகாரியாகப் பணியாற்றியவர். இறக்கும்போது மிசேனத்தில் நிலைகொண்டிருந்த கடற்படையின் தளபதியாக இருந்தவர். படைவீரரின் கைக்கு எது சென்றது என்பதை அவரைவிட நன்கறிந்த எழுத்தாளர் அக்காலத்தில் அரிது. தம் காலத்திலோ முன்னோர் காலத்திலோ வீரருக்கு உப்பு அளக்கப்பட்டதாக அவர் அறிந்திருந்தால், உப்பின் பெருமையைப் பேசும் அந்த இடத்தில் அதனைச் சொல்லாமல் விட்டிருப்பாரா என்பது நியாயமான வினாவே.

அப்படியானால் உரோம வீரரின் சம்பளத்துக்கு என்ன பெயர்? அதற்குத் தனிச்சொல் இருந்தது. 'ஸ்திபெந்தியம்' என்பது அது. அச்சொல்லின் முதற்கூறு சிறு காசைக் குறிப்பது, இரண்டாங்கூறு நிறுத்தலைக் குறிப்பது. காசு எண்ணப்படுவதற்கு முன் உலோகம் நிறுக்கப்பட்ட காலத்தின் நினைவு அதிலே தங்கியிருக்கின்றது. ஆக, வீரரின் சம்பளத்தைக் குறித்த சொல்லிலே உலோகந்தான் இருக்கின்றது, உப்பு இல்லை. வீரருக்கு அரச கருவூலத்திலிருந்து சம்பளம் கொடுக்கும் வழக்கம் கி.மு. 406ஆம் ஆண்டளவில் தொடங்கியதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அதற்குமுன் குடிமகன் தன் சொந்தச் செலவிலேயே போருக்குச் சென்றான்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க ஆசிரியர் பொலிபியஸ், சம்பள விகிதத்தையே தருகின்றார். காலாள் வீரனுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஒபல், நூற்றுவர் தலைவனுக்கு நான்கு ஒபல், குதிரை வீரனுக்கு ஒரு திராக்மா. அத்துடன் மாதந்தோறும் கோதுமைப் பங்கீடும் உண்டு. ஆனால் அக்கோதுமைக்கும் உடைக்கும் மேலதிக ஆயுதத்துக்கும் உரிய விலையை உரோம வீரனின் சம்பளத்திலிருந்து அதிகாரி கழித்துக்கொள்வான் என்பதை அவர் மறவாமல் குறிப்பிடுகின்றார். அதாவது பண்டமும் கொடுக்கப்பட்டது, அதற்கு விலையும் பிடிக்கப்பட்டது. சம்பளம் என்பது பணமாகவே கணக்கிடப்பட்டது.

கி.பி. 14ஆம் ஆண்டு அகஸ்டஸ் மன்னன் இறந்த செய்தி எட்டியதும் தன்யூப் எல்லையிலுள்ள படைகள் கிளர்ந்தெழுந்தன. நாளொன்றுக்குப் பத்து 'அஸ்' காசுக்கு உடலும் உயிரும் விலைபோகின்றன என்றும், அதிலேயே உடை, ஆயுதம், கூடாரம் ஆகியவற்றுக்கும் கொடுத்து, நூற்றுவர் தலைவனின் கொடுமையிலிருந்து தப்புவதற்குக் கையூட்டும் கொடுக்கவேண்டியிருக்கிறது என்றும் அவர்கள் முறையிட்டதாக டசிட்டஸ் பதிவுசெய்துள்ளார். பதினாறு அஸ் சேர்ந்தது ஒரு டெனாரியஸ். நாளுக்குப் பத்து அஸ் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 225 டெனாரியஸ் ஆகும். (எமது முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த 'தீனார்' என்ற சொல் இந்த டெனாரியஸின் வழிவந்ததே.) கிளர்ச்சி செய்தவர்களின் முறைப்பாட்டுப் பட்டியலில் உப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நூலாசிரியர்கள் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். ஓர் உண்மையான வீரனின் சம்பளக் கணக்கே எமக்குக் கிடைத்திருக்கிறது. எகிப்தின் வரண்ட மணல் காத்துத் தந்த பைரஸ் ஏடொன்று இப்போது ஜெனீவா நகரில் உள்ளது. கி.பி. 80களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதிலே டமஸ்கஸைச் சேர்ந்த குவின்டஸ் ஜூலியஸ் புரொக்குலஸ், தயர் நகரைச் சேர்ந்த காயஸ் வலேரியஸ் ஜெர்மானஸ் ஆகிய இரு வீரர்களின் ஓராண்டுக் கணக்கு, எகிப்திய திராக்மா நாணயத்தில் எழுதப்பட்டுள்ளது. ஆண்டுக்கு மூன்று தவணைகளிலே சம்பளம் வழங்கப்பட்டது.

புரொக்குலஸின் முதற் தவணையை எடுத்துக்கொள்வோம். வரவு 248 திராக்மா. அதிலிருந்து வைக்கோலுக்கு 10, உணவுக்கு 80, பாதணிக்கும் கால்வாருக்கும் 12, முகாமில் நடக்கும் சற்றர்னாலியாப் பெருநாள் விருந்துக்கு 20, உடைக்கு 60 என மொத்தம் 182 கழிக்கப்பட்டது. மிஞ்சியது 66. முன்பிருந்த சேமிப்பு 136. இரண்டும் சேர்த்து 202 என்று எழுதி வைத்திருக்கின்றனர். இரண்டாந் தவணையில் வைக்கோல், உணவு, பாதணி ஆகியன அதே தொகையாகவே கழிக்கப்பட்டன. அவற்றுடன் படைக்கொடிகளுக்கென்று 4 திராக்மா சேர்ந்து, கழிவு 106 ஆயிற்று. உடைச் செலவு இல்லாத தவணையாதலால் 142 மிஞ்ச, சேமிப்பு 344ஆக உயர்ந்தது. மூன்றாந் தவணையில் உடைக்கு மாத்திரம் 146 போயிற்று. மற்றைய கழிவுகளுடன் கூட்டினால் சரியாக 248. புரொக்குலஸின் கைக்கு ஒரு காசும் வரவில்லை, சேமிப்பு 344ஆகவே நின்றது. எமது மலையகத் தோட்டங்களில் அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழித்தபின் வெறுங்கையோடு சம்பள மேசையை விட்டுத் திரும்பிய தலைமுறையினரின் பிள்ளைகளுக்கு இக்கணக்கை விளக்கிச்சொல்ல வேண்டிய அவசியமில்லை.

யூதேயா நாட்டின் மசாடாக் கோட்டையிலும் இதுபோன்ற கணக்கு அகழ்ந்தெடுக்கப்பட்டது. கோட்டையை உரோமர் முற்றுகையிட்ட காலத்தையொட்டியது அது. காயஸ் மெசியஸ் என்பவர் 50 டெனாரியஸ் பெற்றுக்கொண்டு, வாற்கோதுமைக்கு 16, உணவுக்கு 20, பாதணிக்கு 5, தோல்வாருக்கு 2, நாருடைக்கு 7 எனச் செலுத்தியிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் அதுவும் சரியாக 50 தான்.

இக்கணக்குகளிலே உப்பு வரவாகவும் இல்லை, கழிவாகவும் இல்லை. 'உணவு' என்று பொதுவாகக் கழிக்கப்பட்ட தொகைக்குள் வீரன் உண்ட உப்பும் அடங்கியிருக்கலாம். அப்படியாயின் நிலைமை மக்கள் கதைக்கு நேர்மாறானது. வீரனுக்கு உப்பு சம்பளமாக வரவில்லை, சம்பளத்திலிருந்தே உப்புக்கு விலை போயிற்று.

இனி, 'சலாரியம்' என்ற சொல் உரோமரின் எழுத்துக்களில் எவ்விடத்தில், எப்பொருளில் ஆளப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். எமக்குக் கிடைத்துள்ள ஆட்சிகள் பேரரசுக் காலத்தவை. அச்சொல் பெரும்பாலும் மேற்குடியினருடனேயே வருகின்றது. மாகாணமொன்றை ஆளச் செல்லும் ஆளுநருக்கு வழமையாகக் கொடுக்கப்படும் சலாரியத்தை, தமது மாமனார் அக்ரிகோலாவுக்கு டொமிஷியன் மன்னன் கொடுக்கவில்லை என்று டசிட்டஸ் மனம்நொந்து எழுதுகிறார். செல்வம் இழந்த உயர்குலச் செனட்டர்களுக்கு நீரோ மன்னன் ஆண்டுதோறும் சலாரியம் வழங்கினான் என்றும், சிலருக்கு அது 500,000 செஸ்டர்ஸ் வரை இருந்தது என்றும் சுவெட்டோனியஸ் கூறுகிறார். ஒரு டெனாரியஸ் நான்கு செஸ்டர்ஸ் ஆகையால், சாதாரண வீரனின் ஆண்டுச் சம்பளம் அன்று 900 செஸ்டர்ஸ் மட்டுமே. ஒரு நொடிந்த பிரபுவைத் தாங்கிய தொகையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

அதே சுவெட்டோனியஸ் தைபேரியஸ் மன்னனின் கஞ்சத்தனத்தைச் சொல்லுமிடம் எமது விடயத்துக்கு இன்னும் பொருத்தமானது. தன்னோடு பயணம் வந்த தோழர்களுக்கு அம்மன்னன் ஒருபோதும் சலாரியம் கொடுத்ததில்லையாம், உணவு மாத்திரமே கொடுத்தானாம். சலாரியம் என்பது உண்பொருளுக்கு எதிர்நிலையில் வைத்துப் பேசப்பட்ட பணக்கொடை என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

படைத்துறையில் சலாரியம் என்ற சொல்லே வழங்கவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. வழங்கியது, ஆனால் சாதாரண வீரருக்கல்ல. பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலே கண்டெடுக்கப்பட்ட தொரிஞி கல்வெட்டு கி.பி. 238இல் நிறுவப்பட்டது. அதிலே, பிரித்தானியாவின் ஆளுநராக இருந்த கிளோடியஸ் போலினஸ் என்பவர் சென்னியஸ் சொலெம்னிஸ் எனும் பிரமுகருக்கு வரைந்த கடிதம் பொறிக்கப்பட்டுள்ளது. ஆறுமாத காலத்துக்குரிய அதிகாரிப் பதவியொன்றின் சலாரியமாக 25,000 செஸ்டர்ஸைப் பொன்னாகப் பெற்றுக்கொள்ளுமாறு ஆளுநர் எழுதுகின்றார். கூடவே பிரித்தானியப் போர்வை, மணிகள் பதித்த பொன் ஊசி, கடல்நாய்த் தோல் ஆகிய அன்பளிப்புகளையும் அனுப்புகின்றார். தோலைக்கூட நினைவில் வைத்துப் பட்டியலிட்டவர் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வாறு பொன்னாகவும் வெள்ளியாகவும் வழங்கப்பட்ட ஒன்றுக்கு உப்பின் பெயர் எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு நேரடியான விடை பழைய நூல்களில் இல்லை. ஆனால் இலத்தீன் மொழியின் போக்கை அவதானித்தால் ஒரு நல்ல ஊகம் கிடைக்கின்றது. ஒரு பண்டத்தின் பெயருடன் 'ஆரியம்' என்ற விகுதியைச் சேர்த்து, அப்பண்டத்துக்கான படிப்பணத்தைக் குறிப்பது உரோமரின் வழக்கமாக இருந்தது. பாதணிப் படி 'கல்கெயாரியம்', உடைப் படி 'வெஸ்தியாரியம்', மாகாணம் செல்லும் ஆளுநருக்குத் தட்டுமுட்டுப் பொருள் வாங்கக் கொடுத்த படி 'வசாரியம்'.

வெஸ்பாசியன் மன்னனைப் பற்றிய செய்தியொன்றை இவ்விடத்தில் சொல்லாதிருக்க முடியவில்லை. ஒஸ்தியா, புத்தியோலி ஆகிய துறைமுகங்களிலிருந்து உரோம் நகருக்கு முறைவைத்து நடந்துவரும் கடற்படையினர், தங்களுக்குப் பாதணிப் படி வேண்டுமென்று அவனிடம் கோரினர். மன்னன் பதில் சொல்லாது அனுப்பியதோடு நில்லாமல், இனிமேல் வெறுங்காலோடு ஓடுமாறும் கட்டளையிட்டான். அன்றிலிருந்து அவர்கள் அவ்வாறே ஓடுகிறார்கள் என்று சுவெட்டோனியஸ் எழுதிவைத்துள்ளார்.

பெயரிலுள்ள பண்டம் மறைந்து பணம் மட்டும் எஞ்சுவதும் அங்கு புதிதன்று. கி.பி. 69இன் உள்நாட்டுப் போரில் வீரர்கள் 'கிளவாரியம்' கேட்டு ஆர்ப்பரித்தனர். அச்சொல்லின் நேர்ப்பொருள் 'ஆணிப் பணம்', பாதணியின் அடியில் அறையும் ஆணியைக் குறித்தது. ஆனால் அது ஒருவகை நன்கொடைப் பணத்தின் பெயர் என்று டசிட்டஸ் தமது உரோம வாசகருக்கே விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. 'கொங்கியாரியம்' என்பதோ எண்ணெயும் மதுவும் அளக்கும் 'கொங்கியஸ்' என்னும் அளவையிலிருந்து பிறந்த சொல். பேரரசுக் காலத்தில் அது மன்னர் மக்களுக்கு வழங்கிய காசைக் குறித்தது. மக்கள் கையில் பெற்றது எண்ணெயன்று.

இந்த வரிசையிலே வைத்து நோக்கும்போது சலாரியம் என்பதும் ஆதியில் 'உப்புப் படி'யாக இருந்திருக்கக்கூடும் என்பது பொருத்தமாகவே படுகின்றது. அவ்வாறு கருதுபவர்களை நாம் குறைகூறமாட்டோம். ஆனால் அப்படியிருந்தாலும் அது உப்பு வாங்குவதற்கான பணமே, உப்பன்று. அதுவுங்கூடச் சொல்லமைப்பிலிருந்து பின்னோக்கிச் சென்று பெறப்பட்ட ஊகந்தான். சலாரியம் என்ற சொல்லை 'உப்புப் பணம்' என்ற பொருளில் ஆண்ட உரோம எழுத்து எதுவும் எஞ்சவில்லை.

ஊகம் உண்மையாக மாறியது அகராதிகளின் பக்கங்களில்தான். 1879இல் வெளியாகி இன்றளவும் மாணவர் புரட்டும் லூயிஸ் - ஷோர்ட் இலத்தீன் அகராதி, படைவீரருக்கு உப்புக்காகக் கொடுக்கப்பட்ட பணம் என்பதையே சலாரியத்தின் மூலப்பொருளாக ஐயமின்றித் தந்தது. ஆங்கில அகராதிகளும் அதனையே வழிமொழிந்தன. 'உப்புக்கான பணம்' என்று அகராதியில் இருந்தது, பொது அறிவுப் புத்தகங்களுக்கு வந்தபோது 'உப்பாகவே சம்பளம்' எனச் சுருங்கிற்று. அதன்பின் மேலதிகக் கிளைக்கதைகளும் முளைத்தன. ஆங்கிலத்தில் போர்வீரனைக் குறிக்கும் 'சோல்ஜர்' என்ற சொல்லும் உப்பிலிருந்தே வந்தது என்று சிலர் எழுதுகின்றனர். அது தவறு. மன்னன் கொன்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட 'சொலிடஸ்' என்ற பொன் நாணயத்தின் பெயரே அதற்கு மூலம். இவ்விடயத்தில் சொல் நேரடியாகவே காசைக் காட்டுகின்றது.

மற்றொரு கிளைக்கதை, அக்காலத்தில் உப்பு பொன்னுக்கு நிகரான விலையுடையதாக இருந்தது என்பது. இதனைச் சோதிப்பதற்கு எண்கள் உள்ளன. கி.பி. 301இல் டயோக்கிளீஷியன் மன்னன் பண்டங்களுக்கும் கூலிக்கும் உச்ச விலை விதித்து வெளியிட்ட கட்டளை கற்களிலே பொறிக்கப்பட்டுக் கிடைத்துள்ளது. அதன்படி முகாம் மோடியஸ் ஒன்று நிறைந்த உப்பின் உச்ச விலை 100 டெனாரியஸ். அதே அளவு கோதுமையின் விலையும் 100 டெனாரியஸ்தான். வயல்வேலை செய்பவனுக்கு உணவு நீங்கலான நாட்கூலி 25 டெனாரியஸ். நான்கு நாட் கூலிக்கு ஒரு மோடியஸ் உப்பு கிடைக்கும். ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பதற்கும் விடையுண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய கேட்டோ, அடிமை ஒருவனுக்கு ஆண்டுக்கு ஒரு மோடியஸ் போதும் என்கிறார். சாதாரண மோடியஸ் ஏறத்தாழ எட்டே முக்கால் லீற்றர், முகாம் மோடியஸ் அதனிலும் பெரியது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். அந்த வயற்காட்டுத் தொழிலாளிக்கு ஒரு மாதக் கூலி முழுவதையும் உப்பாகவே அளந்து கொடுத்திருந்தால், அவன் ஏழு மோடியஸுக்கு மேற்பட்ட உப்பைச் சுமந்து வீடு சென்றிருப்பான். ஏழாண்டுகளுக்கும் அதிகமான தேவைக்கு அது போதும். கட்டளையிலுள்ளவை சட்டம் விதித்த உச்ச விலைகளேயன்றிச் சந்தை விலைகள் அல்ல என்பது உண்மையே. கேட்டோவுக்கும் அக்கட்டளைக்கும் இடையே நெடுங்காலம் உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் உப்பு பொன்னுக்கு நிகராக இருக்கவில்லை, தானியத்துக்கு நிகராகவே இருந்தது என்பதை அறிய இவ்வளவு போதும். தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. உப்பையும் நெல்லையும் சரிக்குச்சரி அளந்து மாற்றிய உமணப் பெண்ணின் தெருக்குரல் எமது அகநானூற்றிலே கேட்கின்றதல்லவா?

உப்பு எங்குமே பணமாக வழங்கியதில்லை என்பது இதன் பொருளன்று. எதியோப்பியாவிலே 'அமோலே' எனப்பட்ட உப்புக் கட்டிகள் 20ஆம் நூற்றாண்டு வரை காசாகப் புழங்கின. ஆனால் அங்கே சான்று எப்படியிருக்கிறது என்று பாருங்கள். உப்பு, குறித்த அளவில் கட்டியாக அறுக்கப்பட்டது. கட்டிக்குத் தனிப்பெயர் இருந்தது. அதைக் கொடுத்துப் பொருள் வாங்கியதைப் பார்த்த பயணிகள் எழுதிவைத்தனர். உரோமப் பேரரசிலே இவற்றில் ஒன்றுமே இல்லை, குவியல் குவியலாகக் கிடைப்பவை நாணயங்களே.

உணவளித்தவரிடம் காட்டவேண்டிய விசுவாசத்துக்கு உப்பை அடையாளமாக்கும் வழக்கம் கிழக்கிலே மிகப் பழையது. பாரசீகப் பேரரசனின் அதிகாரிகள் தாம் அரண்மனையின் உப்பை உண்பவர்கள் என்று கூறிக்கொள்வதை விவிலியத்தின் எஸ்றா ஆகமத்திலே காணலாம். நன்றி கெட்டவனை 'நமக்ஹராம்' என்று பாரசீகமும் உருதுவும் ஏசுகின்றன. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நாமும் சொல்கிறோம். இவை சம்பளக் கணக்கைப் பேசவில்லை, ஒருவர் வீட்டில் உண்ட உறவைப் பேசுகின்றன. இந்த உணர்வு எம்முள்ளே ஊறியிருப்பதனாலேயே உரோமக் கதையும் எளிதில் நம்பும்படியாக எமக்குப் படுகின்றது போலும்.

அதே உணர்வுதான் எமது 'சம்பளம்' என்ற சொல்லுக்கும் ஓர் உப்புக் கதையைச் சூட்டியிருக்கிறது. 'சம்பா' நெல்லும் 'அளம்' என்ற உப்பும் கூலியாகக் கொடுக்கப்பட்டதால் 'சம்பளம்' ஆயிற்று என்று மேடைகளிலே முழங்கக் கேட்கிறோம். கேட்க இனிமையாக இருப்பினும் இதில் இடர்ப்பாடு உண்டு. அளம் என்பது உப்பு விளையும் இடத்தையே பெரும்பாலும் குறிக்கும். உப்பளத்தை ஒருவருக்குக் கூலியாக அளந்து கொடுக்க இயலாது. 'சம்பல' என்ற வடசொல்லோ வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு, வழியுணவு என்று பொருள்படுவது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சம்பளத்தை அதனோடு சேர்த்தே காட்டுகின்றது. வழியுணவுக்குப் பெயராக இருந்தது படிப்படியாகக் கூலிக்குப் பெயரானது என்பது, எண்ணெய் அளவையின் பெயர் காசுக்கு ஆன உரோம வழக்கோடு ஒத்துப்போகின்றது. 'படி' என்ற அளவையின் பெயர் அலுவலகங்களிலே 'பயணப்படி'யாக இன்றும் நடமாடுவதையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

எமது மாணவர் பகுதியில் வெளியான விடைக்கு உரிய திருத்தம் வருமாறு அமையவேண்டும்: 'சலரி' என்ற சொல் இலத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, உரோம வீரருக்கு உப்பு சம்பளமாகக் கொடுக்கப்பட்டதற்குச் சான்று இல்லை, அவர்களுக்குச் சம்பளம் நாணயமாகவே வழங்கப்பட்டது. கடிதம் எழுதிய ஆசிரியருக்கு எமது நன்றி உரியது.